எழுபத்தெட்டு மதிப்பெண்ணுக்குள் என்ன இருந்தது

எங்கள் செமினரிக்கு அங்கீகாரக் குழு வந்திருந்தபோது, குழுவில் மூத்தவரான ஒரு பேராசிரியர் மதிப்பெண் பதிவேட்டைத் திறந்து பிரசங்கக்கலைப் பாடத்தின் பக்கத்தில் விரலை வைத்தார். "இவர் 78 வாங்கியிருக்கிறார். நாளைக்கு ஒரு கிராமத்துச் சபையில் எழுந்து நின்றால் இவருக்கு என்ன செய்யத் தெரியும், என்ன தெரியாது?" என்று கேட்டார். அந்தப் பாடத்தை நடத்தியவரும் அங்கே இருந்தார். நானும் இருந்தேன். ஒருவருக்கும் பதில் வரவில்லை.

அங்கீகாரம் தொடர்ந்தது. ஆனால் கற்றல் விளைவுகள், மாணவர் வளர்ச்சிக்கான சான்றுகள் என்ற அத்தியாயத்தை மட்டும் 18 மாதத்துக்குள் புதிதாக எழுதி அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். முதல்வர் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். நான் பழைய ஏற்பாடு கற்றுக்கொடுப்பவன். மதிப்பீட்டுத் துறையில் எனக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. அந்த 18 மாதத்தில் நடந்ததை, இதே வேலை தலைமேல் வந்திருக்கும் வேறு கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரி சிறியது. ஆறு முழுநேர ஆசிரியர்கள். தமிழ்வழியில் மூன்று வருட பி.டிஎச். என்னும் இறையியல் இளங்கலைப் படிப்பு. வகுப்பில் 15 பேருக்கு மேல் இருந்ததில்லை. இந்தியாவில் இறையியல் கல்லூரிகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போகின்றன. செராம்பூர் கல்லூரியின் செனட்டோடு இணைந்த கல்லூரிகளுக்குப் பட்டத்தைச் செனட்டே கொடுக்கிறது. அந்த அதிகாரம் 1918இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்திலிருந்து வருகிறது. ஆசிய இறையியல் சங்கம் போன்ற அமைப்புகள் பட்டம் கொடுப்பதில்லை. கல்லூரி கொடுக்கும் பட்டத்தின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கின்றன. நாங்கள் இந்த இரண்டாவது வகை. கல்லூரி முதலில் தன்னைத் தானே ஆராய்ந்து சுய ஆய்வு அறிக்கை எழுத வேண்டும். பிறகு ஒரு குழு நேரில் வந்து, எழுதியது உண்மைதானா என்று பார்க்கும். கலை அறிவியல் கல்லூரிகளில் நாக் குழு வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை பழக்கமானதுதான்.

எங்கள் பழைய அறிக்கையில் அந்த அத்தியாயம் 40 பக்கம் இருந்தது. பாடத்திட்டம், தேர்ச்சி விழுக்காடு, சாப்பல் ஆராதனைப் படங்கள், ஊழியத்தில் இருக்கும் பழைய மாணவர்களின் பட்டியல் எல்லாம் இருந்தன. ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் அத்தனையும் நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொன்னதே தவிர, மாணவர் என்ன கற்றார் என்பதைச் சொல்லவில்லை.

அதனால் முதலில் அந்த 78ஐத்தான் பிரித்துப் பார்த்தோம். அந்தப் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 60, ஒப்படைப்புக் கட்டுரைக்கு 15, வருகைக்கு 5, வகுப்பில் செய்யும் பிரசங்கத்துக்கு 20. அந்த மாணவர் தேர்வில் 49, கட்டுரையில் 13, வருகைக்கு முழு 5, பிரசங்கத்தில் 11 வாங்கியிருந்தார். பிரசங்கத்தின் வகைகளையும் முன்னுரை எழுதும் முறைகளையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர். பிரசங்கம் செய்யச் சொன்னால் 20க்கு 11. கூட்டிய பிறகு அந்த 11 கண்ணில் படாமல் போய்விட்டது. பாட மதிப்பெண்ணை அப்படியே கற்றல் விளைவுக்குச் சான்றாகக் காட்ட முடியாது என்பது எங்களுக்கு அன்றுதான் புரிந்தது. மதிப்பெண் பல விஷயங்களின் கூட்டுத்தொகை. விளைவு என்பது ஒரு குறிப்பிட்ட திறமை.

அப்புறம் விளைவுகளை எழுத உட்கார்ந்தோம். பழைய கையேட்டில் 23 விளைவுகள் இருந்தன. "மாணவர் வேதத்தை ஆழமாக அறிவார்", "ஊழியத்தில் வாஞ்சையுள்ளவராவார்", "சமூகப் பொறுப்பை உணர்வார்" என்று போகும். அறிவார், உணர்வார், வாஞ்சையுள்ளவராவார் என்பவற்றை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: இது மாணவரிடம் வந்துவிட்டது என்பதை எந்த நாளில், எந்த இடத்தில், அவர் எதைச் செய்யும்போது பார்ப்போம்? பதில் சொல்ல முடியாத வரிகளை மாற்றினோம், அல்லது எடுத்துவிட்டோம். 23 கடைசியில் ஐந்தாயிற்று. ஆறு ஆசிரியர்கள் மூன்று வருடச் சுற்றில் உண்மையாகவே சோதித்துப் பார்க்க முடிந்த எண்ணிக்கை அவ்வளவுதான்.

"வேதத்தை ஆழமாக அறிவார்" என்ற வரி இப்படி மாறியது: "கொடுக்கப்பட்ட ஒரு வேதபகுதியை அதன் வரலாற்று, இலக்கியச் சூழலில் விளங்கிக்கொண்டு, தான் பேசப்போகும் சபையின் நிலைமைக்குப் பொருந்த 20 நிமிடம் தமிழில் பிரசங்கிப்பார்." அழகான வாக்கியம் இல்லைதான். ஆனால் அதில் பகுதி இருக்கிறது, சூழல் இருக்கிறது, சபை இருக்கிறது, நேரம் இருக்கிறது. நடந்ததா இல்லையா என்று சொல்ல முடியும். இனி இந்த ஒரு விளைவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்ற நான்கிலும் இதே வழியில்தான் போனோம், ஒன்றைத் தவிர.

விளைவை எழுதிய கையோடு, அது எந்தப் பாடத்தில் எந்த வருடம் கற்றுத்தரப்படுகிறது என்று பெரிய தாளில் கட்டம் போட்டோம். பக்கவாட்டில் பாடங்கள், மேலே ஐந்து விளைவுகள். ஒரு விளைவு முதலில் அறிமுகமாகும் பாடத்தில் 'அ', பயிற்சி நடக்கும் இடத்தில் 'ப', முழுமையாகச் செய்துகாட்ட வேண்டிய இடத்தில் 'மு'. ஒவ்வோர் ஆசிரியரும் தன் பாடத்தைத் தானே நிரப்ப வேண்டும். நிரப்பும்போது எல்லாருமே தாராளமாக இருந்தோம், சபைச் சரித்திரத்துக்குக்கூட 'ப' போட்டிருந்தார்கள். அதனால் இரண்டாம் சுற்றில் ஒரு விதி வைத்தோம். அந்தப் பாடத்தில் இந்த விளைவுக்கென்று ஒரு பயிற்சியோ ஒப்படைப்போ இருந்தால்தான் எழுத்து, இல்லாவிட்டால் வெற்றுக் கட்டம்.

அந்த விதிக்குப் பிறகு பிரசங்க விளைவின் பத்தியில் பெரிய வெற்றிடம் தெரிந்தது. முதல் வருடம் இரண்டாம் பருவத்தில் பிரசங்கக்கலை. அதில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பிரசங்கம். இரண்டாம் வருடம் என்னுடைய வேத விளக்கப் பாடம். அதில் ஆராய்ச்சிக் கட்டுரை உண்டு, பிரசங்கம் கிடையாது. மூன்றாம் வருடத்தில் இரண்டையும் சேர்த்துச் செய்துகாட்டச் சொல்லும் பாடம் ஒன்றுகூட இல்லை. வேதபகுதியைப் பிரித்துப் படிக்க நான் கற்றுக்கொடுத்தேன். பேசுவதற்கு இன்னொருவர் கற்றுக்கொடுத்தார். இரண்டையும் மாணவர் தானாகவே இணைத்துக்கொள்வார் என்று பல வருடங்களாக நம்பியிருந்தோம். அதனால் மூன்றாம் வருடத்தில் ஒரு முடிவுப் பிரசங்கம் வைத்தோம். எல்லாருக்கும் ஒரே பகுதி, ரூத் இரண்டாம் அதிகாரம். தயாரிப்புக்கு இரண்டு வாரம். பிரசங்கத்தோடு ஆராய்ச்சிக் குறிப்பு நான்கு பக்கம்.

மதிப்பிட ரூப்ரிக் எனப்படும் அளவுச் சட்டகம் தேவைப்பட்டது. வேதபகுதிக்கு உண்மையாயிருத்தல், ஒரே கருத்தில் கோத்துப் பேசுதல், கேட்பவரின் வாழ்க்கையோடு பொருத்துதல், பேசும் முறை என்று நான்கு வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகள். நாங்கள் முதலில் எழுதியது உதவாத சட்டகம். படிகளுக்கு 'சுமார்', 'பரவாயில்லை', 'நன்று', 'மிக நன்று' என்று பெயர் வைத்திருந்தோம். அது மதிப்பெண்ணுக்கு வேறு சட்டை போட்டதுபோல இருந்தது. ஒவ்வொரு படியிலும் என்ன கேட்கும், என்ன கேட்காது என்று எழுதினால்தான் சட்டகம் வேலை செய்யும்.

பொருத்துதல் என்ற வரிசையை ரூத் பகுதியை வைத்தே சொல்கிறேன். முதல் படியில் இருக்கும் பிரசங்கம், "ரூத்தைப் போல நாமும் உண்மையாயிருப்போம்" என்று முடியும். அதே வரியை எஸ்தரைப் பற்றியும் தானியேலைப் பற்றியும் சொல்லலாம். இரண்டாம் படியில் மாணவர் நம் ஊர் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் எடுப்பார், ஆனால் அது பகுதியின் மையத்தைத் தொடாது. மூன்றாம் படியில், வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவைக்கச் சொல்லும் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் கட்டளையை மாணவர் பிடித்துக்கொள்வார். ரூத் கதிர் பொறுக்கியது அந்தக் கட்டளையால் அவளுக்குக் கிடைத்த உரிமை என்று காட்டி, நம் சபையில் யாருக்கு என்ன விட்டுவைக்கிறோம் என்று கேட்பார். நான்காம் படியில் அவர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் நிலைமைக்குள்ளேயே போய்விடுவார். ரூத் மோவாபியப் பெண். மோவாபியர் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23 சொல்கிறது. அப்படிப்பட்டவளுக்கு வயலின் சொந்தக்காரரான போவாஸ் தன் வேலையாட்களோடு உட்கார்ந்து சாப்பிட இடம் கொடுத்தார் என்பதைக் கூலிவேலை செய்யும் சபையில் எப்படிச் சொல்வது, நிலம் வைத்திருப்பவர்கள் இருக்கும் சபையில் எப்படிச் சொல்வது என்ற வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இப்படி எழுதி முடித்ததும் நேராக மதிப்பிட உட்கார்ந்திருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும். ஒரு பழைய பிரசங்கத்தின் காணொளியை எடுத்து மூன்று ஆசிரியர்கள் தனித்தனியாகப் படி போட்டுப் பார்த்தோம். பொருத்துதலுக்கு ஒருவர் 2, ஒருவர் 3, ஒருவர் 4. நான்கு போட்டவரிடம் காரணம் கேட்டோம். "அந்தப் பையன் அப்பா இறந்த பிறகும் படிப்பை விடாமல் வந்தவன். அவன் அழுதுகொண்டே சொன்னது என் மனதைத் தொட்டது" என்றார். உண்மைதான், எனக்கும் தொட்டது. ஆனால் அவர் மதிப்பிட்டது மாணவரை. சட்டகம் கேட்பதோ பிரசங்கத்தை. அன்று மாலை முழுவதும் அந்த ஒரு காணொளியைத் திரும்பத் திரும்ப நிறுத்தி நிறுத்திப் பேசினோம். படிகளின் விளக்கத்தில் மூன்று இடங்களைத் திருத்தினோம். மறுநாள் வேறொரு காணொளி பார்த்தபோது எந்த வரிசையிலும் எங்களுக்குள் ஒரு படிக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. ஒரு படி வித்தியாசம் வந்தால் பேசித் தீர்ப்பது, இரண்டு படி வந்தால் மூன்றாமவர் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டோம். கூடவே, வேறு சபையைச் சேர்ந்த, மாணவர்களை முன்பின் அறியாத ஓர் ஆயரையும் மதிப்பிட அழைத்தோம்.

மதிப்பிடுவதற்கு முன்பே இலக்கையும் எழுதி வைத்தோம். அந்த வருட இறுதி வகுப்பில் 13 பேர். ஒவ்வொரு வரிசையிலும் குறைந்தது ஒன்பது பேர் மூன்றாம் படியைத் தொட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு இலக்கு வைத்தால், அது எப்போதும் எட்டிய இலக்காகவே இருக்கும்.

வளர்ச்சி என்று சொல்வதற்கு முடிவுப் பிரசங்கம் மட்டும் போதாது. அவர்கள் வந்தபோது எப்படி இருந்தார்கள் என்பதும் வேண்டும். முதல் வருடப் பிரசங்கங்களைக் கைபேசியில் எடுத்திருந்தார்கள் என்று தெரிந்து, மாணவர்களிடம் தேடச் சொன்னோம். சிலருடைய கைபேசி மாறிவிட்டது, சிலர் இடமில்லாமல் அழித்துவிட்டார்கள். ஒரு பென்டிரைவில் கொஞ்சம் கிடைத்தது. மொத்தத்தில் ஒன்பது பேருடையதுதான் கைக்கு வந்தது. மீதி நான்கு பேருக்கு ஆசிரியரின் நினைவிலிருந்து படி போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அறிக்கையில் "13 பேரில் 9 பேருக்கே தொடக்கச் சான்று உள்ளது" என்று எழுதினோம். பழைய காணொளிகளையும் புதியவற்றையும் கலந்து வைத்து, எது எந்த வருடத்தது என்று சொல்லாமல் அந்த வெளி ஆயரிடம் கொடுத்தோம். தெரிந்தால் பின்னால் செய்ததற்குக் கை தானாகக் கூடுதலாகப் போட்டுவிடும்.

முடிவு வந்தது. வேதபகுதிக்கு உண்மையாயிருத்தலில் அந்த ஒன்பது பேரில் முதல் வருடம் இரண்டு பேர் மூன்றாம் படியில் இருந்தார்கள், மூன்றாம் வருடம் ஏழு பேர். வகுப்பு முழுவதையும் எடுத்தால் 13இல் 10 பேர். இலக்கு எட்டியது. பொருத்துதலிலோ ஒன்பது பேரில் மூன்று பேர் இருந்தது நான்காகத்தான் ஆகியிருந்தது. வகுப்பு முழுவதிலும் ஐந்து பேர். இலக்கு ஒன்பது.

இந்த எண்களை விழுக்காடாக எழுத வேண்டும் என்று அலுவலகத்தில் விரும்பினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 13 பேரில் ஒருவர் ஒரு படி ஏறினாலே கிட்டத்தட்ட 8 விழுக்காடு கூடிவிடும். சிறிய வகுப்புக்கு ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்வதுதான் நேர்மை. "ஒன்பதில் நான்கு" என்றால் படிப்பவருக்கு அளவு சரியாகத் தெரியும்.

மூன்று வருடம் எங்களோடு இருந்தும் பொருத்துதல் ஏன் வளரவில்லை? சனிக்கிழமை மாலை பேருந்தில் போய், ஞாயிறு முழுவதும் ஒரு கிராமச் சபையில் ஊழியம் செய்துவிட்டு இரவில் திரும்பும் மாணவர்கள் அவர்கள். மக்களோடு பழகாதவர்கள் என்று சொல்லவே முடியாது. வார இறுதி ஊழிய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தோம். படிவத்தில் எத்தனை வீடு சந்தித்தாய், ஞாயிறு பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை கைப்பிரதி கொடுத்தாய், பிரசங்கம் செய்தாயா, ஆம் அல்லது இல்லை. அவ்வளவுதான். மூன்று வருடத்தில் ஒரு மாணவர் சபைகளில் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறார். கேட்டவர்களுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று ஒருவரும் அவரிடம் திருப்பிச் சொன்னதில்லை.

சபை ஆயர்கள் நிரப்பி அனுப்பும் மதிப்பீட்டுத் தாளும் இருந்தது. ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. ஏறக்குறைய எல்லாத் தாளிலும் எல்லாவற்றுக்கும் ஐந்து. நம் ஆட்கள் ஊழியத்துக்கு வந்த பிள்ளைக்கு நான்கு போட மாட்டார்கள். அன்பினால் போட்ட ஐந்து அது. சான்றாக வைத்துக்கொள்ள முடியாது. அதனால் புள்ளிகளை எடுத்துவிட்டு மூன்று கேள்விகள் மட்டும் வைத்தோம்: சென்ற ஞாயிறு செய்தியில் உங்களுக்கு நினைவிருப்பது என்ன? உங்கள் சபையில் யாருடைய நிலைமையை அந்தச் செய்தி தொட்டது? எந்த இடத்தில் புரியவில்லை? இதற்கு ஐந்து போட முடியாது, எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும். முதல் மாதம் பாதித் தாள்கள் வெறுமையாக வந்தன. பிறகு நாங்களே ஆயர்களுக்குத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொண்டோம்.

அடுத்த கல்வியாண்டு ஜூனிலிருந்து இரண்டாம் வருட, மூன்றாம் வருட மாணவர்களுக்குப் பருவத்துக்கு இரண்டு முறை, ஆராதனை முடிந்ததும் சபையில் நான்கு பேரோடு அரைமணி நேரம் உட்காரச் சொன்னோம். நால்வரில் ஒருவராவது கூலி வேலைக்குப் போகும் பெண்ணாக இருக்க வேண்டும், ஒருவர் 25 வயதுக்குக் குறைந்தவராக இருக்க வேண்டும். மாணவர் பேசக்கூடாது, கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். ஒரு மாணவர் கொண்டுவந்த தாளில், "தம்பி, நீங்க கடன் வாங்காதீங்கன்னு சொன்னீங்க. எங்க யாருக்கும் கடன் வாங்காம மழைக்காலத்துல அடுப்பு எரியாது" என்று ஓர் அம்மா சொன்னது அப்படியே இருந்தது. வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் நான் பேசியும் வராதது அந்த ஒரு வரியில் அவருக்கு வந்தது. அடுத்த பிரசங்கத்தின் குறிப்பில் அது தெரிந்தது. இரண்டு குறிப்புகளையும் அடுத்தடுத்து வைத்து அறிக்கையின் இணைப்பில் சேர்த்தோம்.

டிசம்பரில் அந்த வருட இறுதி வகுப்பு 11 பேரும் பிரசங்கித்தபோது பொருத்துதலில் ஆறு பேர் மூன்றாம் படியில் இருந்தார்கள். முந்தைய வகுப்பில் 13இல் ஐந்து. "எங்கள் மாற்றத்தால் முன்னேற்றம்" என்று எழுதக் கை துடித்தது. ஆனால் அது வேறு வகுப்பு, வேறு ஆட்கள், பாதி வருடக் கணக்கு. "தொடக்க அறிகுறி நம்பிக்கை தருகிறது, காரணம் இதுதான் என்று சொல்ல இன்னும் இரண்டு வகுப்புகளாவது வேண்டும்" என்றுதான் எழுதினோம்.

இந்த வழியில் போக முடியாத அந்த ஒரு விளைவு, ஆவிக்குரிய வளர்ச்சி. எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர் ஆரம்பத்திலேயே, "தம்பி, பரிசுத்த ஆவியானவர் ஒரு பிள்ளைக்குள் செய்கிற வேலைக்கு நீ படி போடப்போகிறாயா?" என்று கேட்டிருந்தார். அதை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பழைய அறிக்கையில் அதற்குச் சான்றாகச் சாப்பல் வருகைப் பதிவு இருந்தது. அதைவிடத் தவறான சான்று இருக்க முடியாது. மணி அடித்தால் விடுதியிலிருந்து வரத்தான் செய்வார்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு மாணவரும் வருடத்துக்கு ஒரு முறை எழுதும் தன்னாய்வுக் கட்டுரைகளை எடுத்துப் படிக்கலாம் என்று போனேன். முதல் வருடத்தில் எழுதியதையும் மூன்றாம் வருடத்தில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வளர்ச்சி தெரியும் என்பது என் எண்ணம். தெரியவும் செய்தது. ஆனால் மூன்றாவது கட்டுரையிலேயே நிறுத்திவிட்டேன். அதில் ஒரு மாணவர் தன் குடும்பத்தில் நடந்த, வேறு யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதியிருந்தார். தன் வழிகாட்டி ஆசிரியர் மட்டும் படிப்பார் என்று நம்பி எழுதியது அது. அதை ஓர் அறிக்கையின் இணைப்பாகப் பார்வையாளர் மேசையில் வைக்க எனக்கு உரிமை இல்லை. பெயரை அழித்தாலும் 13 பேர் படிக்கும் வகுப்பில் யார் என்று தெரிந்துவிடும்.

ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். அந்த மூத்த ஆசிரியர்தான் வழியும் சொன்னார். உள்ளத்துக்குப் படி போட வேண்டாம், நாம் செய்ய வேண்டியதைச் செய்தோமா என்று நம்மை அளப்போம் என்றார். ஒவ்வொரு மாணவரையும் வழிகாட்டி மாதம் ஒரு முறை தனியாகச் சந்தித்தாரா, மாணவர் தானே எடுத்த ஒரு தீர்மானத்தை வருட முடிவில் தானே திரும்பப் பார்த்தாரா, விடுதியில் பிணக்கு வந்தபோது அதைத் தீர்க்கும் உரையாடலில் பங்கெடுத்தாரா. இவை வெளியே தெரிபவை, அந்தரங்கத்தைத் தொடாதவை. கட்டுரையிலிருந்து சில வரிகள் கொடுக்கலாமா என்று மாணவர்களையே கேட்டு, எழுத்தில் சம்மதம் தந்த நால்வர் அவர்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்த வரிகளை மட்டும் சேர்த்தோம். இந்த விளைவுக்கான எங்கள் சான்று மற்றவற்றைவிடப் பலவீனமானது என்பதையும், ஏன் அதை அப்படியே விட்டோம் என்பதையும் ஒரு பத்தியில் எழுதினோம்.

அறிக்கை எழுதும்போது எங்களை அதிகம் சிரமப்படுத்தியது ஆசிரியர் கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேடு. சான்றைப் பார்த்து கல்லூரி என்ன முடிவெடுத்தது, யார், எந்தக் கூட்டத்தில் என்று காட்டாவிட்டால் வளையம் மூடாது. எங்கள் பழைய குறிப்புகள் "ஜெபத்துடன் தொடங்கியது, பாடத்திட்டம் குறித்துக் கலந்து பேசப்பட்டது, ஜெபத்துடன் நிறைவடைந்தது" என்ற அளவில் இருந்தன. என்ன பேசினோம், எதைப் பார்த்துப் பேசினோம் என்று ஒன்றும் இல்லை. சிலர், பேசியது உண்மைதானே, இப்போது விரிவாக எழுதிச் சேர்க்கலாமே என்றார்கள். நடந்து முடிந்த கூட்டத்துக்கு இப்போது பழைய தேதி போட்டுக் குறிப்பு எழுதுவது பொய்ச்சான்று. "இந்தத் தேதிக்கு முன் எங்கள் குறிப்புகளில் காரணங்கள் பதிவாகவில்லை" என்று அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டோம். அன்றிலிருந்து ஒவ்வொரு முடிவுக்கும் கீழே பார்த்த சான்று எது, அதில் கண்டது என்ன, யார் எப்போதுக்குள் செய்வது என்று மூன்று வரி சேர்த்து எழுதுகிறோம். ஊழிய அறிக்கைப் படிவத்தை மாற்றிய முடிவு அந்த முறையில் எழுதிய முதல் குறிப்பு.

40 பக்கமாக இருந்த அத்தியாயம் 11 பக்கமாகக் குறைந்தது. இணைப்புகள் பெருகின. ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் இணைப்பு எண் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். எண் போட முடியாத வாக்கியத்தை அடித்துவிட்டோம். "சிறப்பான", "மிகுந்த அர்ப்பணிப்புள்ள", "தலைசிறந்த" எல்லாம் அதில் போய்விட்டன. மாதிரிப் பிரசங்கங்களில் மேலே இருப்பது ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்றையும், மாணவர்களின் சம்மதத்தோடு, பெயரில்லாமல் ஆராய்ச்சிக் குறிப்பாகவும் மதிப்பீட்டுத் தாளாகவும் வைத்தோம். கீழே உள்ளதை வைக்க வேண்டுமா என்று ஒருவர் தயங்கினார். வைக்காவிட்டால் எங்கள் நான்கு படிகளில் கீழ்ப்படி எப்படி இருக்கும் என்றே பார்ப்பவருக்குத் தெரியாது.

திரும்பவும் குழு வந்தது, இந்த முறை இரண்டு பேர், இரண்டு நாள். அவர்கள் முதலில் எடுத்தது கீழ்ப்படி மாதிரியைத்தான். எங்கள் சட்டகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாங்களே அதற்குப் படி போட்டுப் பார்த்தார்கள். இரண்டு வரிசையில் எங்களோடு ஒத்துப்போனார்கள், ஒரே கருத்தில் கோத்துப் பேசுதலில் எங்களைவிட ஒரு படி கூட்டினார்கள். அப்புறம் ஆசிரியர்களை விட்டுவிட்டு மாணவர்களோடு மதிய உணவுக்கு உட்கார்ந்தார்கள். என்ன கேட்டார்கள் என்று பிறகு மாணவர்களே சொன்னார்கள். ஐந்து விளைவுகளையும் ஒப்பிக்கச் சொல்லவில்லை. "உன் பிரசங்கத்தில் எது பலவீனம், அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் வருட மாணவர்கள் தங்கள் மதிப்பீட்டுத் தாளை நினைவுபடுத்திப் பதில் சொன்னார்கள். முதல் வருட மாணவர்கள் முழித்தார்கள், ஏனென்றால் சட்டகத்தை அவர்களிடம் நாங்கள் கொடுத்திருக்கவில்லை. அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நிபந்தனை நீங்கியது. புதிய பரிந்துரைகள் இரண்டு எழுதியிருந்தார்கள். ஒன்று, சட்டகத்தை முதல் நாளிலேயே மாணவர் கையில் கொடுக்க வேண்டும். இன்னொன்று, தொடக்கச் சான்றுகளைக் கல்லூரியே சேமித்து வைக்க வேண்டும்.

இந்த ஜூலையில் முதல் வருடத்தில் 14 பேர் சேர்ந்திருக்கிறார்கள். சேர்ந்த மூன்றாம் வாரத்தில், எந்தப் பாடமும் தொடங்கும் முன், ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் ரூத் இரண்டாம் அதிகாரத்திலிருந்து பேசச் சொல்லிப் பதிவு செய்தோம். 14 கோப்புகளும் பெயரில்லாமல் வரிசை எண்ணோடு அலுவலக ஹார்ட் டிஸ்கில் ஒன்று, நூலகத்தில் ஒன்று என்று இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. நூலகப் பதிவேட்டில் நானே கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தேன்.